தேதி முடிந்த கிஃப்ட் கார்டு: உள்ளே இருக்கும் பணம் யாருடையது?

பண்டிகைக் கூட்டத்தில் அரை மணி நேரம் வரிசையில் நின்று பில் கவுன்டரை அடைந்ததும், "மேடம், இந்தக் கார்டு எக்ஸ்பயர் ஆயிடுச்சு" என்று கேஷியர் சொல்வார். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். பெரும்பாலானோர் கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு யுபிஐயில் பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அன்றோடு அந்தப் பணத்துக்குத் தலைமுழுகிவிட்டதாகவே நினைப்பு.

இந்தியாவில் புழங்கும் கிஃப்ட் கார்டுகளில் ஒரு பெரிய பகுதிக்கு இந்த நினைப்பு தவறு. கார்டில் அச்சிட்டிருக்கும் தேதி, அதைக் கடையில் தேய்ப்பதற்கான கடைசி நாள். உள்ளே மிச்சம் இருக்கும் பணத்துக்கு வேறு கணக்கு உண்டு. எந்தக் கார்டுக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## முதல் கேள்வி: கார்டை வெளியிட்டது யார்?

கார்டின் முன்பக்கம் கடையின் பெயரும் வண்ணப் படமும் இருக்கும். சட்டத்துக்கு முக்கியமானது பின்பக்கத்துப் பொடி எழுத்து. அங்கே 'இஷ்யூட் பை' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். மின்னஞ்சலில் வந்த கார்டு என்றால் அடியில் உள்ள விதிமுறைகளில் அது இருக்கும். அந்த வரியில் இருக்கும் பெயரை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. வங்கியோ, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற வேறொரு நிறுவனமோ வெளியிட்டது. ஒரே கார்டைப் பல கடைகளில் பயன்படுத்த முடிகிறது என்றால் அது பெரும்பாலும் இந்த வகைதான். ஒரே பிராண்டின் பெயர் போட்ட கார்டாக இருந்தாலும், வெளியிட்டது வேறொரு அனுமதி பெற்ற நிறுவனமாக இருக்கலாம். ரிசர்வ் வங்கி இதை 'ப்ரீபெய்டு பேமென்ட் இன்ஸ்ட்ருமென்ட்' என்கிறது, சுருக்கமாக பிபிஐ.

2. கடையே தன் பொருளுக்காக மட்டும் வெளியிட்டது. ஊரின் ஜவுளிக்கடை அச்சடித்துக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் வவுச்சர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதற்கு 'குளோஸ்டு சிஸ்டம்' என்று பெயர். இதை வெளியிட ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அதனால் அந்த வங்கியின் விதிகளும் இதற்குள் நுழைவதில்லை.

3. பணம் கொடுத்து யாரும் வாங்காத சலுகைக் கூப்பன். '3,000 ரூபாய்க்கு வாங்கினால் அடுத்த முறை 500 தள்ளுபடி' என்ற சீட்டு, கேஷ்பேக் புள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும்.

மூன்றாவது வகையை இங்கேயே முடித்துவிடலாம். அதில் உங்கள் பணம் எதுவும் இல்லை. தேதி போனால் சலுகையும் போயிற்று. தேதியையோ நிபந்தனையையோ மறைத்து ஆசை காட்டியிருந்தால் மட்டும், தவறான விளம்பரம் என்ற கோணத்தில் புகார் செய்யலாம். 5,000 ரூபாய் கார்டு வாங்கினால் 500 ரூபாய் கூடுதல் என்று விற்றிருந்தால், திரும்பக் கேட்க முடிவது அந்த 5,000 சார்ந்த பாக்கியைத்தான்.

## ரிசர்வ் வங்கி விதிக்குள் வரும் கார்டு

இவற்றுக்கான அடிப்படை, 2021 ஆகஸ்ட் 27 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட பிபிஐ முதன்மை வழிகாட்டுதல்கள். அதில் கிஃப்ட் கார்டுக்கென்று தனியாகச் சில வரிகள் உண்டு. ஒரு கார்டின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தீர்ந்த பிறகு மறுபடி பணம் ஏற்ற முடியாது. ரொக்கமாக எடுக்கவோ, வேறொருவர் கணக்குக்கு அனுப்பவோ முடியாது. கார்டை வைத்திருப்பவர் சம்மதித்தால், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே திருப்பி அனுப்பலாம்.

அடுத்து, செல்லுபடியாகும் காலம். பணம் ஏற்றிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு. மூன்று மாதம், ஆறு மாதம் என்று இந்த வகைக் கார்டில் போடவே முடியாது. கணக்கு தொடங்குவது பணம் ஏற்றிய நாளில் என்பதைக் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு ஊழியர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு கம்பெனி ஆகஸ்டிலேயே மொத்தமாக வாங்கி வைத்திருந்தால், கார்டு கைக்கு வரும்போதே இரண்டு மாதம் கரைந்திருக்கும்.

தேதி முடிவதற்கு முந்தைய 45 நாளுக்குள், வெளியிட்டவர் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் போன்ற ஏதாவது ஒரு வழியில் எச்சரிக்க வேண்டும். 'எனக்கு ஒன்றும் வரவில்லையே' என்பவர்கள்தான் அதிகம். காரணம் எளிது: வெளியிட்டவரிடம் இருப்பது வாங்கியவரின் கைப்பேசி எண். அண்ணன் வாங்கித் தங்கைக்குக் கொடுத்தால் எச்சரிக்கை அண்ணனுக்குப் போகும். கம்பெனி வாங்கியிருந்தால் ஏதோ ஓர் அலுவலக மின்னஞ்சலில் போய் விழும்.

இதையெல்லாம் விட முக்கியமான வரி, 'செல்லுபடி மற்றும் மீட்பு' என்ற பகுதியில் இருக்கிறது. தேதி முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் கார்டை வைத்திருப்பவர் வந்து கேட்டால், மிச்சத் தொகையை அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். வங்கி அல்லாத நிறுவனம் வெளியிட்ட கார்டு என்றால், தேதி முடிந்து குறைந்தது மூன்று ஆண்டு வரை அந்தத் தொகையைத் தன் லாபமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளவும் தடை உண்டு. கிஃப்ட் கார்டுக்கும் இந்தப் பகுதி பொருந்தும்.

கொஞ்சம் வேடிக்கையான நிலைதான். கார்டு உயிரோடு இருக்கும்வரை அதை ரொக்கமாக்க முடியாது. செத்த பிறகு கேட்டால் வங்கிக் கணக்குக்கே பணம் வர வேண்டும். இந்த வரியைத்தான் கவுன்டரில் யாரும் சொல்வதில்லை. கேஷியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் திரையில் தெரிவது 'எக்ஸ்பயர்டு' என்ற ஒரு சொல் மட்டும்.

அந்தப் பணம் அதுவரை எங்கே இருக்கிறது? வங்கி அல்லாத நிறுவனம், கார்டுகளில் மிச்சமிருக்கும் தொகைக்கு ஈடான பணத்தை ஒரு வணிக வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் வைத்திருக்க வேண்டும். எஸ்க்ரோ என்பது குறிப்பிட்ட காரணத்துக்கு மட்டுமே பணம் வெளியே போகக்கூடிய பூட்டிய கணக்கு. வங்கியே வெளியிட்ட கார்டாக இருந்து, பத்து ஆண்டு யாரும் கேட்காமல் கிடந்தால், அந்த மிச்சம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போகிறது.

## ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மதுரையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு 2024 தீபாவளிக்குக் கம்பெனி 5,000 ரூபாய் கார்டு கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். வெளியிட்டது வங்கி அல்லாத, அனுமதி பெற்ற நிறுவனம். பணம் ஏற்றிய நாள் 2024 செப்டம்பர் 20. கைக்கு வந்தது அக்டோபர் 28. கார்டில் போட்டிருக்கும் கடைசி நாள் 2025 செப்டம்பர் 19. பொங்கலுக்கு 3,260 ரூபாய்க்குத் துணி எடுத்தார். மிச்சம் 1,740. பிறகு கார்டு பீரோவில் புடவை அடுக்குக்குள் போய்விட்டது. 2025 அக்டோபர் 12 அன்று மறுபடி கடைக்குப் போனபோது கவுன்டரில் மறுத்துவிட்டார்கள்.

அவர் கடையோடு வாக்குவாதம் செய்வதில் பொருள் இல்லை. பணம் கடையிடம் இல்லை. வெளியிட்ட நிறுவனத்தின் எஸ்க்ரோ கணக்கில் இருக்கிறது. கார்டைத் தேய்த்த பிறகுதான் அது கடைக்குப் போய்ச் சேரும். ஆகவே கடிதம் போக வேண்டிய இடம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் நிறுவனம். மின்னஞ்சல் இவ்வளவு இருந்தால் போதும்:

"என்னிடம் உள்ள கிஃப்ட் கார்டின் கடைசி நான்கு எண்கள் இவை. 2025 செப்டம்பர் 19 அன்று காலம் முடிந்தது. மிச்சம் 1,740 ரூபாய். ரிசர்வ் வங்கியின் பிபிஐ முதன்மை வழிகாட்டுதல்களில் 'செல்லுபடி மற்றும் மீட்பு' பகுதியின்படி இந்தத் தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்தவும், அல்லது கார்டைப் புதுப்பித்துத் தரவும். புகார் எண்ணைப் பதிலில் குறிப்பிடவும்."

புதுப்பித்தல் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. வைத்திருப்பவர் கேட்டால் கிஃப்ட் கார்டை, புதிய கார்டு கொடுத்தாவது, மறுபடி செல்லுபடியாக்கித் தர அதே விதிகள் இடம் தருகின்றன. நிறுவனங்களுக்கும் பணத்தைத் திருப்புவதை விட இது சுலபம். கேட்ட சில நாளில் புதிய எண் வந்துவிடுவதும் உண்டு. அந்தக் கடையில் மீண்டும் வாங்கப்போவது உறுதி என்றால் இதை ஏற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால் வங்கிக் கணக்கையே வலியுறுத்தலாம்.

நிறுவனம் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, கார்டின் படம் ஆகியவற்றைக் கேட்பது இயல்பு. ஓடிபி, யுபிஐ பின், 'சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்புங்கள்' என்ற பேச்சு வந்தால் அது மோசடி. இந்தப் புகாருக்கான வாடிக்கையாளர் எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்காமல், கார்டிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ இருப்பதை எடுப்பது நல்லது. போலி எண்கள் முதலில் காத்திருப்பது தேடுபொறியில்தான். படம் அனுப்பும்போது, சுரண்டினால் தெரியும் பின் எண்ணை மறைத்துவிட வேண்டும்.

புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் அடுத்த படி ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர். `cms.rbi.org.in` தளத்தில் புகார் பதியலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: நிறுவனத்துக்கு எழுதாமல் நேராக இங்கே வருவது. அப்படி வரும் புகார் ஏற்கப்படாது. அதே போல, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டு அதே விஷயத்துக்கு இங்கேயும் வர முடியாது.

நம் எடுத்துக்காட்டில், அந்த 1,740 ரூபாயை 2028 செப்டம்பர் 19 வரை நிறுவனம் தன் லாபத்தில் சேர்க்கவே முடியாது. அதன் பிறகும் 'எப்போது வேண்டுமானாலும்' என்ற சொல் விதியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பழைய பதிவுகளைத் தோண்ட வைப்பது சிரமம் என்பதால், மூன்றாண்டுக்குள் கேட்பதே புத்திசாலித்தனம்.

## தேதி இருந்தும் மறுத்தால்

காலாவதியைப் போலவே குழப்பம் தருவது, தேதியும் பணமும் இருந்தும் கார்டு ஓடாத நிலை. கவுன்டரில் எல்லாவற்றுக்கும் 'கார்டு வொர்க் ஆகல' என்ற ஒரே பதில்தான். உள்ளே நான்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

1. கார்டு ஆக்டிவேட் ஆகவில்லை. கடையில் தொங்கும் கார்டு வெறும் பிளாஸ்டிக். விற்கும்போது பில் மெஷினில் தேய்த்து, சர்வரிலிருந்து பதில் வந்தால்தான் அதற்குள் பணம் ஏறும். கூட்ட நேரத்தில் பில் அடித்துவிட்டு இதைத் தவறவிடுவது உண்டு. பேலன்ஸ் பார்க்கும் பக்கத்தில் 'செயலில் இல்லை' என்று வரும். வாங்கிய பில் இருந்தால் விற்ற கடையிலேயே தீர்த்துக்கொள்ளலாம். பில் இல்லாவிட்டால் அலைச்சல்தான். கிஃப்ட் கார்டு வாங்கும்போது பில்லையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள இதுவே காரணம்.

2. பில் தொகை மிச்சத்தை விட அதிகம். 1,740 இருக்கும் கார்டில் 2,100 ரூபாய்க்குத் தேய்த்தால், மெஷின் 1,740ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்காது, மொத்தமாக மறுத்துவிடும். வங்கிகள் தரும், ஏடிஎம் கார்டு மாதிரியே இருக்கும் கார்டுகளில் இது வழக்கம். தீர்வு எளிது: 'கார்டில் 1,740 மட்டும் போடுங்கள், மீதி 360 யுபிஐ' என்று தேய்ப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். ஆன்லைன் கடைகள் பலவற்றில் இப்படிப் பிரிக்க வழி இல்லை. அங்கே கார்டை அந்தத் தளத்தின் வாலட்டில் சேர்க்க முடிகிறதா என்று முதலில் பார்க்கலாம்.

3. அந்தக் கிளையோ, அந்தப் பொருளோ பட்டியலில் இல்லை. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நடந்தாலும் சில கிளைகள் வேறு முதலாளியின் உரிமைக் கிளைகள். அங்கே கார்டு செல்லாமல் இருக்கலாம். நகைக்கடை கார்டில் தங்க நாணயம் வாங்க முடியாது என்பது போன்ற விலக்குகளும் உண்டு. இவை விற்கும்போது தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால் கேள்வி இல்லை. கார்டில் 'எல்லாக் கிளைகளிலும்' என்று போட்டுவிட்டு, தளத்தின் பதினேழாம் நிபந்தனையில் விலக்கை ஒளித்து வைத்திருந்தால், அது நுகர்வோர் சட்டத்தின் பார்வையில் குறைபாடு. பொருத்தமான தகவலை வேண்டுமென்றே தராமல் இருப்பதும் சேவைக் குறைபாடு என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

4. பணம் கழிந்துவிட்டது, பில் வரவில்லை. மெஷின் சுற்றிக்கொண்டே இருந்து 'டைம் அவுட்' காட்டும். பேலன்ஸ் பார்த்தால் குறைந்திருக்கும். இதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கையில் விடை இருக்கிறது. வெளியிட்ட நிறுவனத்தின் சொந்த அமைப்புக்குள் நடந்த பரிவர்த்தனையில், கடைக்கு உறுதிச் செய்தி போகாமல் பணம் மட்டும் கழிந்திருந்தால், அடுத்த நாளுக்குள் அது திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கார்டு நெட்வொர்க் வழியாகப் போன பரிவர்த்தனை என்றால் அந்த நெட்வொர்க்கின் கெடு பொருந்தும். கவுன்டரில் நிற்கும்போதே, பரிவர்த்தனை தோல்வி என்று மெஷின் தரும் துண்டுச் சீட்டைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். நேரமும் தொகையும் அதில் இருக்கும்.

## கடையின் சொந்த வவுச்சர்: பிடி கொஞ்சம் தளர்வு

இனி இரண்டாவது வகை. ஜவுளிக்கடை, பேக்கரி, அழகு நிலையம் கொடுக்கும் வவுச்சருக்கு ஓராண்டு குறைந்தபட்சம் என்ற விதி இல்லை, எஸ்க்ரோ இல்லை, ஓம்புட்ஸ்மனும் இல்லை. நீங்கள் கொடுத்த பணம் அன்றே கடையின் கல்லாவில் கலந்துவிட்டது. வேறு சில நாடுகளில் கடையின் சொந்தக் கார்டுக்கும் சட்டம் தேதி குறித்திருக்கிறது: அமெரிக்காவில் ஐந்து ஆண்டு, ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் மூன்று ஆண்டு. இந்தியாவில் அப்படி ஒரு வரி கிடையாது.

அதற்காகக் கடை வைத்ததே சட்டம் என்றும் ஆகிவிடாது. இங்கே துணைக்கு வருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.

அன்பளிப்பாகப் பெற்றவர் பணம் கொடுக்கவில்லையே, அவர் எப்படி நுகர்வோர் ஆவார் என்ற சந்தேகம் முதலில் வரும். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும், சேவையின் பயனாளியும் நுகர்வோர் என்ற சொல்லுக்குள்ளேயே அடங்குவார்கள். கம்பெனி வாங்கிக் கொடுத்ததாக இருந்தால் 'வணிக நோக்கத்துக்கு வாங்கியது, அதனால் நுகர்வோர் இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதம் வைக்கக்கூடும். செவிலியர் விடுதிக்காக ஒரு மருத்துவமனை அறக்கட்டளை குடியிருப்புகள் வாங்கிய வழக்கில், ஊழியர்களுக்காக வாங்கியதாலேயே அது வணிக நோக்கம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது இதற்குப் பதிலாக உதவும்.

வழக்கின் பலம் எங்கே இருக்கிறது என்றால், வாங்கும்போது என்ன சொன்னார்கள் என்பதில். வவுச்சரில் தேதியே இல்லாமல் இருந்து பின்னர் 'ஆறு மாதம்தான்' என்றால், அல்லது தேதி கண்ணுக்கே தெரியாத எழுத்தில் இருந்தால், அது தகவல் மறைப்பு. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நேராக எடுத்துப் போகலாம். தேதி பெரிதாக அச்சிடப்பட்டு, அதைப் பார்த்துத்தான் வாங்கினீர்கள் என்றால் வாதம் கடினம். அப்போது மிஞ்சுவது, முழுத் தொகையையும் கடை விழுங்குவது நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வாதம். நுகர்வோரைப் பாதகமான நிலையில் தள்ளும் நியாயமற்ற நிபந்தனை அந்த வரையறைக்குள் வருகிறது. ஆனால் ஒப்பந்த நிபந்தனையையே செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. 1,000 ரூபாய் வவுச்சருக்காக மாநில ஆணையம் வரை போவதா என்று கேட்டால், தனி ஒருவருக்கு அது கட்டுபடியாகாது என்பதுதான் நேர்மையான பதில். ஒரே கடையில் பலர் ஏமாந்திருந்தால் சேர்ந்து போடுவதற்கு இடம் உண்டு.

அதனால் நடைமுறையில் பலன் தருவது அதற்கு முந்தைய படிதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். புகாரைக் கடைக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய கடைகள் பல, இந்தக் கட்டத்திலேயே வவுச்சரை நீட்டித்துத் தந்துவிடும். நகரம் முழுக்கப் பெயர் வைத்திருக்கும் கடைக்கு ஆயிரம் ரூபாய் பெரிதில்லை. அதிலும் தீரவில்லை என்றால் `e-jagriti.gov.in` வழியாக மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடை மறுத்த நாளை எழுத்தில் பதிவு செய்து வைப்பது இதற்காகத்தான். "தேதி முடிந்ததால் ஏற்கவில்லை" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரிப் பதில்கூடச் சான்றாகும்.

## வவுச்சர் பொருளா, பாக்கியா?

கடை வவுச்சரைப் பற்றி வாதிடுகிறவருக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் உதவி கிடைத்திருக்கிறது: ஜிஎஸ்டி வழக்கு. வவுச்சர் விற்கும்போதே வரி கட்ட வேண்டுமா, அதைக் கொடுத்துப் பொருள் வாங்கும்போதா என்பது பல ஆண்டு நீடித்த சண்டை. கல்யாண் ஜுவல்லர்ஸ் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. கிஃப்ட் வவுச்சர் ஒரு கடனைக் குறிக்கும் உரிமை ஆவணம். பொருள் கைமாறும்போதுதான் வரி என்பது அதன் சாரம்.

அதன் பிறகு 2024 டிசம்பர் 31 அன்று மத்திய மறைமுக வரிகள் வாரியமும் சுற்றறிக்கை வெளியிட்டது. வவுச்சரைக் கைமாற்றுவது பொருள் வழங்கலும் அல்ல, சேவை வழங்கலும் அல்ல என்றது. யாரும் வந்து மீட்காமல் போன வவுச்சர் தொகைக்கும் ஜிஎஸ்டி கிடையாது, ஏனென்றால் அங்கே வாடிக்கையாளருக்கு எதுவும் வழங்கப்படவே இல்லை என்றது. இந்த மீட்கப்படாத தொகைக்கு வணிக வட்டாரத்தில் 'பிரேக்கேஜ்' என்று பெயர்.

இவை வரி பற்றியவை. காலாவதி வவுச்சருக்குப் பணம் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் கவுன்டரில் கேட்கும் 'நீங்கள் வாங்கிய பொருள் கெட்டுப்போய்விட்டது, நாங்கள் என்ன செய்ய' என்ற தொனிக்கு இது நல்ல பதில். நீங்கள் பால் பாக்கெட் வாங்கவில்லை. கடை உங்களுக்கு ஒரு தொகை பாக்கி வைத்திருக்கிறது. எதுவும் வழங்காமலே அதை வரவு வைத்துக்கொள்கிறது.

## துணியைத் திருப்பிக் கொடுத்துப் பெற்ற சீட்டு

கிஃப்ட் கார்டோடு போட்டுக் குழப்பப்படும் இன்னொன்று கிரெடிட் நோட். சுடிதார் அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தால், பணத்துக்குப் பதில் '90 நாளுக்குள் பயன்படுத்தவும்' என்று ஒரு சீட்டு கிடைக்கும். பொருளில் குறை இல்லாமல், பிடிக்கவில்லை என்று திருப்பினால், அதை ஏற்பதே கடையின் விருப்பம். சீட்டின் நிபந்தனையும் பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான். பொருளே குறையுள்ளது என்றால் கதை வேறு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ மறுப்பதை முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று கணக்கு. அங்கே சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வாங்கிக்கொண்டு 91ஆம் நாள் போய் நின்று சண்டை போடுவதை விட, அன்றைக்கே 'கிழிசல் இருக்கிறது, பணமாகக் கொடுங்கள்' என்று எழுதிக் கொடுப்பது பல மடங்கு சுலபம்.

## கடையே மூடிவிட்டால்

கார்டு பிபிஐ வகை என்றால், கடை மூடினாலும் வெளியிட்ட நிறுவனம் இருக்கிறது, எஸ்க்ரோ பணமும் இருக்கிறது. பல கடைகளில் செல்லும் கார்டு என்றால் வேறு கடையில் பயன்படுத்தலாம். ஒரே கடைக்கானது என்றால் நிறுவனத்திடம் மேலே சொன்ன வழியில் கேட்கலாம்.

கடையின் சொந்த வவுச்சர் என்றால், மூடிய நாளோடு நீங்கள் அந்தக் கடைக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர், அதுவும் பிணை எதுவும் இல்லாதவர். கம்பெனியாக இருந்து திவால் நடவடிக்கைக்குப் போனால், பொது அறிவிப்பில் சொல்லும் கெடுவுக்குள் உரிய படிவத்தில் கோரிக்கை போடலாம். வங்கிகளுக்கும் பிறருக்கும் கொடுத்தது போக மிஞ்சினால்தான் இந்த வரிசைக்கு வரும், பெரும்பாலும் மிஞ்சாது. கடை தள்ளாடுகிறது, கிளைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன என்ற செய்தி காதில் விழுந்தால், பீரோவில் இருக்கும் அதன் வவுச்சரை அந்த வாரமே எடுத்துக்கொண்டு போய் இரண்டு துண்டு, ஒரு போர்வையாவது வாங்கிவிட வேண்டும்.